சக்கரத்தின் வரவு செலவு: திருப்புவிசை செய்யும் வேலையை எண்ணுவது எப்படி?

மோட்டாரின் தகவல் தாளில் திருப்புவிசை 5 N·m என்று போட்டிருக்கும். ஆற்றலின் அலகான ஜூலைப் பிரித்துப் பார்த்தாலும் N·m தான் வருகிறது. அப்படியென்றால் அந்த மோட்டார் 5 ஜூல் ஆற்றல் தருகிறது என்று சொல்லிவிடலாமா? முடியாது. இறுகிப்போன நட்டின் மேல் ஸ்பேனரை மாட்டி, நாள் முழுக்க 100 N·m திருப்புவிசை கொடுத்துக்கொண்டே இருங்கள். நட்டு இம்மி கூட அசையவில்லை என்றால் அதன் மேல் செய்த வேலை பூஜ்யம். கை வலிக்கும், அது வேறு கணக்கு.

திருப்புவிசை எவ்வளவு என்பது பாதித் தகவல்தான். எவ்வளவு கோணம் திரும்பியது என்பதும் சேர்ந்தால்தான் வேலை கிடைக்கும். இந்தக் கட்டுரை ஒரே ஒரு சக்கரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் போகிற ஆற்றலையும் வெளியே கசிகிற ஆற்றலையும் கடைசி ஜூல் வரை எழுதிப் பார்க்கிறது.

## கயிற்றின் பக்கமிருந்து, சக்கரத்தின் பக்கமிருந்து

நம் சக்கரம் ஒரு கனமான இரும்புத் தட்டு. நிறை 20 கிலோ, ஆரம் 25 செ.மீ. அதன் அச்சில் 10 செ.மீ. ஆரமுள்ள சின்ன உருளை ஒன்று இருக்கிறது. அது மிக லேசானது என்பதால் அதன் நிறையை விட்டுவிடலாம். உருளையில் கயிறு சுற்றியிருக்கிறது. கயிற்றின் உள்முனையைக் கட்டவில்லை, ஒரு முளையில் வெறுமனே மாட்டியிருக்கிறோம். முழுக்க இழுத்ததும் அது தானாகக் கழன்றுவிடும்.

நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தின் கயிற்றை 50 நியூட்டன் விசையால், விசை மாறாமல், 2 மீட்டர் இழுக்கிறோம். கயிற்றின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு எளிது: 50 × 2 = 100 ஜூல்.

இப்போது அதையே சக்கரத்தின் பக்கமிருந்து பார்ப்போம்.

1. திருப்புவிசை என்பது விசையையும், அச்சிலிருந்து அது செயல்படும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. இங்கே 50 × 0.10 = 5 N·m.
2. உருளையிலிருந்து 2 மீட்டர் கயிறு அவிழ்ந்தால், உருளையின் விளிம்பும் 2 மீட்டர் நகர்ந்திருக்கிறது. வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் கோணம் வரும்: 2 ÷ 0.10 = 20 ரேடியன். சுற்றுக் கணக்கில் மூன்றுக்குச் சற்று மேல்.
3. இரண்டையும் பெருக்கினால் 5 × 20 = 100 ஜூல்.

விடை பொருந்துவது தற்செயல் இல்லை. F விசையால் s தூரம் இழுத்தால் வேலை F·s. அந்த s என்பது r·θ. ஆக F·r·θ. அதில் F·r தான் திருப்புவிசை. எழுதினால்:

W = τθ

இதில் τ திருப்புவிசை, θ திரும்பிய கோணம். புதிதாக எந்த விதியும் இங்கே வரவில்லை. பழைய ‘விசை × தூரம்’ தான், தூரத்திலிருந்த ஆரத்தை எடுத்து விசையோடு ஒட்ட வைத்திருக்கிறோம். அலகுக் குழப்பமும் இங்கேயே தீர்கிறது. ரேடியன் என்பது நீளத்தை நீளத்தால் வகுத்த வெறும் எண், அதற்கென்று பரிமாணம் கிடையாது. அதனால் N·m ஐ ரேடியனால் பெருக்கினாலும் பார்வைக்கு N·m ஆகவே நிற்கிறது. என்னைக் கேட்டால், திருப்புவிசையை ‘ஒரு ரேடியனுக்கு இத்தனை ஜூல்’ என்று மனதுக்குள் வாசித்துப் பழகுவது நல்லது. 5 N·m மோட்டார் என்றால், ஒவ்வொரு ரேடியன் திரும்பும்போதும் 5 ஜூல் தரும் மோட்டார். முழுச் சுற்றுக்கு 2π ரேடியன் என்பதால், சுற்றுக்கு 31.4 ஜூல்.

கோணத்தைப் பாகையில் போட்டால் என்ன ஆகும்? 20 ரேடியன் என்பது ஏறக்குறைய 1146 பாகை. 5 × 1146 = 5730 ஜூல் என்று வரும். கயிற்றை இழுத்த கை கொடுத்ததோ 100 ஜூல் மட்டும். s = rθ என்பது ரேடியனில்தான் உண்மை என்பதால் வரும் பிழை இது. விடை 57 மடங்கு பெரிதாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பாகைதான் உள்ளே புகுந்திருக்கிறது. சுற்று எண்ணிக்கையையே கோணமாகப் போட்டிருந்தால் விடை 6.28 மடங்கு சிறுத்துப்போகும்.

இன்னொன்று. விசை சாய்வாக இருந்தால், விளிம்பைத் தொட்டுச் செல்லும் திசையில் அதன் பங்கு மட்டுமே கணக்கில் வரும். அச்சை நோக்கி இழுக்கும் பங்கு வேலையே செய்வதில்லை, ஏனென்றால் விளிம்பிலுள்ள புள்ளி அச்சை நோக்கி நகர்வதே இல்லை. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

## அந்த 100 ஜூல் எங்கே போயிற்று?

சக்கரம் நின்றுகொண்டிருந்தது, இப்போது சுழல்கிறது. போட்ட வேலை அந்தச் சுழற்சிக்குள்தான் இருக்கிறது. எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்க இரண்டே சமன்பாடுகள் போதும்.

1. திருப்புவிசை கோண முடுக்கத்தைத் தருகிறது: τ = Iα. இங்கே I என்பது நிலைமத் திருப்புத்திறன்.
2. முடுக்கம் மாறாமல் இருந்தால், தொடக்க வேகம் ω₀ க்கும் இறுதி வேகம் ω க்கும் உள்ள உறவு: ω² − ω₀² = 2αθ.
3. முதலாவதிலிருந்து α = τ/I என்று எடுத்து இரண்டாவதில் போட்டு, இருபுறமும் I/2 ஆல் பெருக்கினால்:

τθ = ½Iω² − ½Iω₀²

இதுதான் சுழற்சிக்கான வேலை–ஆற்றல் தேற்றம். இடப்புறம் வேலை, வலப்புறம் சுழல் இயக்க ஆற்றலில் ஏற்பட்ட மாற்றம். இந்த ½Iω² வேறெங்கிருந்தோ வந்ததில்லை. தட்டிலுள்ள ஒவ்வொரு துணுக்குக்கும் ½mv² என்ற இயக்க ஆற்றல் உண்டு. அச்சிலிருந்து r தூரத்தில் உள்ள துணுக்கின் வேகம் v = rω. எல்லாவற்றையும் கூட்டினால், பொதுவான ω² வெளியே வந்துவிடும், உள்ளே mr² களின் கூட்டுத்தொகை மிஞ்சும். அந்தக் கூட்டுத்தொகையின் பெயர்தான் I.

சீரான தட்டுக்கு I = ½MR². நம் சக்கரத்துக்கு ½ × 20 × 0.25² = 0.625 kg·m². இதைத் தேற்றத்தில் போட்டால் 100 = ½ × 0.625 × ω². ω² = 320, ஆக ω நொடிக்கு 17.9 ரேடியன். நிமிடத்துக்குச் சுமார் 171 சுற்று.

தேற்றத்தில் நேரம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே சக்கரம் முன்பே நொடிக்கு 100 ரேடியன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது, அதற்கு அதே 5 N·m ஐ அதே 20 ரேடியனுக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேலை அதே 100 ஜூல்தான். ஆனால் ω² 10000 இலிருந்து 10320 க்கு மட்டுமே உயரும், வேகம் 101.6 ஆகும். நின்ற நிலையில் 17.9 ரேடியன் வேகத்தை வாங்கித் தந்த அதே 100 ஜூல், இங்கே 1.6 ஐத்தான் வாங்குகிறது. காரணம், இங்கே 20 ரேடியன் 0.2 நொடியில் ஓடிப்போய்விடுகிறது, அங்கே 2.24 நொடி ஆயிற்று. முடுக்கம் இரண்டிலும் ஒன்றே. அது செயல்படக் கிடைத்த நேரம்தான் வேறு.

## அளந்தால் ஏன் குறைகிறது?

இதுவரை எல்லாம் தாளில். உண்மையில் இந்தச் சக்கரத்தைச் செய்து இழுத்துப் பார்த்தால் வேகம் 171 வராது, கொஞ்சம் குறையும். தேற்றம் பொய் ஆகவில்லை. τ என்ற இடத்தில் கயிற்றின் திருப்புவிசையை மட்டும் போட்டோம். தேற்றம் கேட்பது நிகரத் திருப்புவிசையை. பேரிங்கின் உராய்வும் கழித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த உராய்வு எவ்வளவு? அதைத் தனியாக அளக்கக் கருவி தேடிப் போக வேண்டாம், சக்கரத்தையே கேட்டால் போதும். கயிறு கழன்ற பிறகு சக்கரத்தைத் தொடாமல் விட்டு, அது நிற்கும்வரை சுற்றுகளை எண்ண வேண்டும். விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ண வசதி. உதாரணமாக 60.5 சுற்று போய் நின்றது என்று வைப்போம். அது 380 ரேடியன்.

இனி தேற்றத்தை முதல் இழுப்பிலிருந்து கடைசி அசைவு வரை மொத்தமாகப் போடுகிறோம். தொடக்கத்தில் சக்கரம் நின்றது, முடிவிலும் நின்றது. இயக்க ஆற்றலில் மாற்றம் பூஜ்யம். ஆகவே வரவும் செலவும் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

1. வரவு: கயிறு தந்தது 5 × 20 = 100 ஜூல்.
2. செலவு: உராய்வு மொத்தம் 20 + 380 = 400 ரேடியன் முழுக்க எதிர்த்திருக்கிறது. அதன் திருப்புவிசை f என்றால், செலவு 400f.
3. 400f = 100. ஆக f = 0.25 N·m.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சக்கரத்தின் நிறை, ஆரம், I, வேகம் எதுவுமே தேவைப்படவில்லை. எண்ணியது மட்டும் போதுமாயிற்று. இரண்டாவது படியில் பலரும் சறுக்குவார்கள்: கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது உராய்வு லீவு போட்டுவிட்டதாக நினைத்து, 400 க்குப் பதில் 380 ஐப் போடுவார்கள். அப்படிச் செய்தால் f கொஞ்சம் கூடுதலாக வரும்.

f தெரிந்ததும் மற்றது தொடர்ந்து வரும். கயிறு கழன்ற கணத்தில் சக்கரத்துக்குள் இருந்த ஆற்றல், நிகரத் திருப்புவிசை 4.75 ஐ 20 ஆல் பெருக்கினால் 95 ஜூல். இதே எண்ணை மறுபக்கமிருந்தும் சரிபார்க்கலாம்: 0.25 × 380 = 95. வேகம் நொடிக்கு 17.4 ரேடியன், நிமிடத்துக்கு ஏறக்குறைய 167 சுற்று.

சக்கரம் ஒழுங்கற்ற வடிவமாக இருந்து I ஐச் சூத்திரத்தால் கணக்கிட முடியாவிட்டால், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டும் வேண்டும். கயிறு கழன்றதிலிருந்து நிற்கும்வரை 43.6 நொடி ஆகிறது என்று கொள்வோம். உராய்வு மாறாதது என்றால் வேகம் சீராகக் குறையும், சராசரி வேகம் தொடக்க வேகத்தில் பாதியாக இருக்கும். ஆகவே தொடக்க வேகம் 2 × 380 ÷ 43.6, அதாவது சுமார் 17.4. இதை 95 = ½Iω² இல் போட்டால் I = 0.625 திரும்பக் கிடைக்கிறது. இயற்பியல் ஆய்வகங்களில் ஃப்ளைவீல் சோதனை என்று செய்வது சாராம்சத்தில் இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆய்வகத்தில் கையால் இழுப்பதற்குப் பதிலாகக் கயிற்றில் எடையைத் தொங்கவிடுவார்கள். அப்போது திருப்புவிசையை mgr என்று எழுதிவிடக் கூடாது. எடை கீழ்நோக்கி முடுக்கத்தோடு இறங்குகிறது, அதனால் கயிற்றின் இழுவிசை mg யைவிடக் குறைவு. நம் சக்கரத்தில் 5 கிலோவைத் தொங்கவிட்டால் எடை 49 நியூட்டன், ஆனால் உராய்வை விட்டுப் பார்த்தால் கயிற்றிலுள்ள இழுவிசை சுமார் 45.4 நியூட்டன். 2 மீட்டர் இறங்கும்போது 98 ஜூல் விடுபடுகிறது. அதில் சுமார் 90.7 சக்கரத்துக்குப் போகிறது, மீதி 7.3 ஜூல் இறங்கும் எடையின் சொந்த இயக்க ஆற்றலாக நிற்கிறது.

## பிரேக்: பாதி நேரமும் பாதிச் சுற்றும் ஒன்றல்ல

அதே சக்கரம் நிமிடத்துக்கு 1200 சுற்றில், அதாவது நொடிக்கு 125.7 ரேடியனில் சுழல்கிறது. உள்ளே இருப்பது ½ × 0.625 × 125.7², ஏறக்குறைய 4935 ஜூல். பிரேக்கும் பேரிங்கும் சேர்ந்து மாறாத 5 N·m எதிர்ப்பு தருகின்றன என்று வைப்போம். ரேடியனுக்கு 5 ஜூல் கழிகிறது. 4935 ÷ 5 = 987 ரேடியன். 157 சுற்றுக்குப் பிறகு சக்கரம் நிற்கும். எடுக்கும் நேரம் 15.7 நொடி.

அந்த நேரத்தில் பாதி, 7.85 நொடி, கழிந்ததும் வேகம் பாதியாகி 600 க்கு வந்திருக்கும். ஆனால் சுற்றுகள் பாதி முடிந்திருக்காது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி ஆகிறது, மீதமிருக்கும் சுற்றும் கால்வாசிதான்: சுமார் 39. முதல் பாதி நேரத்திலேயே 118 சுற்று ஓடிவிட்டது. பிரேக் உண்டாக்கும் சூட்டில் முக்கால் பங்கும் அந்த முதல் பாதியிலேயே வெளிவந்துவிட்டது. திருப்புவிசை மாறவில்லை, ஆனால் நொடிக்கு ஓடும் ரேடியன்கள் அதிகமாக இருந்தபோது நொடிக்குக் கழிந்த ஜூலும் அதிகம். தொடக்கத்தில் 628 வாட், பாதி வேகத்தில் 314 வாட். ரேடியனுக்கு இவ்வளவு என்பது சமச்செலவு, நொடிக்கு இவ்வளவு என்பது சமச்செலவல்ல.

## ‘மாறாத’ திருப்புவிசைதானா என்று எப்படித் தெரியும்?

மேலே போட்ட கணக்கு எல்லாம் ‘மாறாத’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. அது உண்மையா என்று சக்கரத்திடமே சோதிக்க முடியும்.

1. சக்கரத்தை ஒரு வேகத்திலிருந்து தானாக நிற்க விட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள்.
2. பிறகு அதில் பாதி வேகத்திலிருந்து நிற்க விட்டு மறுபடி எண்ணுங்கள்.
3. இரண்டாவது எண்ணிக்கை முதலாவதில் கால்வாசி என்றால் உராய்வு மாறாதது. பாதி என்றால் எதிர்ப்பு வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. எண்ணெய், கிரீஸ் போன்ற பிசுபிசுப்பு தரும் எதிர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இரண்டுக்கும் நடுவே வந்தால் இரண்டும் கலந்திருக்கின்றன.

இதில் பாதி என்று வந்துவிட்டால் W = τθ என்று நேரடியாகப் பெருக்க முடியாது. கோணத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அப்போதிருந்த திருப்புவிசையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வரைபடத்தில் திருப்புவிசையைக் கோணத்துக்கு எதிராக வரைந்தால், கோட்டின் கீழுள்ள பரப்புதான் வேலை. மாறாத திருப்புவிசை என்றால் அது வெறும் செவ்வகம். ஆனால் தேற்றத்துக்கு எதுவும் ஆகவில்லை. மொத்த வேலை எப்படிக் கூட்டப்பட்டிருந்தாலும் அது ½Iω² இன் மாற்றத்துக்குச் சமம். கைவிட்டுப்போனது ஒற்றைப் பெருக்கல் என்ற வசதி மட்டுமே.

## தேற்றம் கைவிரிக்கும் இடம்

பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவர் கைகளை விரித்தபடி சுழல்கிறார். கைகளை மார்போடு இழுத்துக்கொள்கிறார், சுழற்சி சட்டென்று வேகமெடுக்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவருடைய I சரிபாதியாகிறது என்று வைப்போம். வெளியிலிருந்து திருப்புவிசை ஏதும் இல்லை, அதனால் கோண உந்தம் Iω மாறாது. I பாதியானால் ω இரண்டு மடங்கு. ½Iω² ஐப் போட்டுப் பார்த்தால் இயக்க ஆற்றலும் இரண்டு மடங்கு.

வெளித் திருப்புவிசை பூஜ்யம் என்றால் τθ பூஜ்யம். ஆனால் ஆற்றல் இரட்டிப்பாகியிருக்கிறது. தேற்றத்தைக் கண்மூடிப் போட்டவர் இங்கே முழிப்பார்.

தேற்றத்தை உருவாக்கும்போது I ஐ மாறிலியாக எடுத்துக்கொண்டோம். நிலையான அச்சில் சுழலும், வடிவம் மாறாத திடப்பொருளுக்குத்தான் அது செல்லும். அப்படிப்பட்ட பொருளில் துணுக்குகளுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை, அதனால் அவை ஒன்றையொன்று இழுக்கும் உள்விசைகள் செய்யும் நிகர வேலை பூஜ்யம். வீராங்கனையின் உடல் அப்படி இல்லை. அச்சை நோக்கிய விசை வேலை செய்யாது என்று முன்பு சொன்னதற்குக் காரணம், விளிம்பிலுள்ள புள்ளி அச்சை நோக்கி நகரவில்லை என்பதுதான். இங்கே கைகள் அச்சை நோக்கி நகர்கின்றன. அவற்றை உள்ளே இழுக்கும் தசைகள் விசையின் திசையிலேயே நகர்ந்து வேலை செய்கின்றன, கூடுதலாக வந்த ஆற்றல் முழுவதும் அந்தத் தசைகளிலிருந்து வந்தது.